பித்தளை வளையம் சம்மதித்தால்தான் கியர் விழும்

முதல் கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கார் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பல்சக்கரம் விலகிப் போகும், இன்னொரு பல்சக்கரம் வந்து பல்லோடு பல் கோத்துக்கொள்ளும் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். இன்றைய கார்களில் முன்னோக்கிப் போகும் எந்தக் கியரிலும் அப்படி நடப்பதில்லை. எல்லாக் கியர்களின் பல்சக்கரங்களும் எந்நேரமும் கோத்தபடியேதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கியர் ராடைத் தள்ளும்போது பூட்டப்படுவது வேறொன்று. அந்தப் பூட்டு விழலாமா, கூடாதா என்று முடிவு செய்வது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பித்தளை வளையம். ஒர்க்‌ஷாப்பில் அதை சிங்க்ரோ ரிங் என்பார்கள்.

இந்த வளையத்தின் வேலை புரிந்தால் கிளட்ச் எதற்கு என்பதும் புரிந்துவிடும். கியர் போடும்போது வரும் 'கரகர' சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஓரளவு நாமே ஊகித்துவிடலாம்.

இரண்டு ஷாஃப்ட், பல ஜோடிகள்

சாதாரண சிறிய கார் ஒன்றின் கியர் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் முக்கியமாக இரண்டு தண்டுகள். இன்ஜினின் சுழற்சி கிளட்ச் வழியாக வந்து சேர்வது இன்புட் ஷாஃப்டில். சக்கரங்களுக்குச் சுழற்சியை அனுப்புவது அவுட்புட் ஷாஃப்ட். இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு கியருக்கும் ஒரு ஜோடிப் பல்சக்கரம் இருக்கிறது. ஜோடியில் ஒன்று தன் தண்டோடு அசையாமல் பிணைந்திருக்கும். மற்றொன்று தன் தண்டின் மேல் பேரிங்கில் உட்கார்ந்து சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நம் உதாரணத்தில் அப்படிச் சும்மா சுற்றுவது அவுட்புட் ஷாஃப்டின் மேலுள்ள சக்கரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சும்மா சுற்றும் சக்கரம் தண்டைத் திருப்பாது. அதனால்தான் நியூட்ரலில் இன்ஜின் ஓடினாலும் வண்டி நகர்வதில்லை. இரண்டாவது கியர் விழுவது என்றால், இரண்டாவது கியரின் அந்தச் சக்கரத்தை அவுட்புட் ஷாஃப்டோடு பூட்டுவது. பூட்டும் பொருளுக்கு ஸ்லீவ் என்று பெயர். உள்பக்கம் பற்கள் வெட்டிய ஓர் இரும்பு வளையம் அது. தண்டோடு சேர்ந்தே சுற்றும், ஆனால் தண்டின் நீளவாக்கில் இப்படியும் அப்படியும் நகரும். கியர் ராடைத் தள்ளினால் ஷிஃப்ட் ஃபோர்க் என்ற கவை இந்த ஸ்லீவைத்தான் நகர்த்துகிறது. பல்சக்கரத்தின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். ஸ்லீவ் அவற்றின் மேல் ஏறிக்கொண்டால் தண்டும் சக்கரமும் ஒன்றாகிவிடும். நாய்ப் பல் என்று இதற்கு வேடிக்கையாக ஒரு பெயருண்டு.

சிக்கல் இங்கேதான். ஸ்லீவ் ஒரு வேகத்திலும் நாய்ப் பற்கள் வேறொரு வேகத்திலும் சுற்றினால் பல் பல்லின் மேல் மோதும். அதுதான் கரகரச் சத்தம்.

800 சுற்று இடைவெளி

எவ்வளவு வேக வித்தியாசம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் கியரில் இன்புட் ஷாஃப்ட் 3.6 முறை சுற்றினால் அவுட்புட் ஒரு முறை சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கியரில் 2 முறைக்கு ஒரு முறை. சிறிய கார்களில் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரில் போகிறோம். அப்போது அவுட்புட் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், இன்புட் ஷாஃப்டின் சுழற்சி 3600.

இரண்டாவது கியரின் சக்கரமும் அப்போது கோத்தபடியேதான் இருக்கிறது அல்லவா? 3600-இல் பாதியாக, 1800 சுற்றில் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அது உட்கார்ந்திருக்கும் தண்டோ 1000 சுற்றில் சுற்றுகிறது. இடையில் 800 சுற்று வித்தியாசம். கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பதால் தண்டின் 1000 சுற்று சட்டென்று மாறாது. ஆகவே 1800 தான் 1000-க்கு இறங்கி வர வேண்டும். அது இறங்க வேண்டுமென்றால் அதோடு கோத்திருக்கும் இன்புட் ஷாஃப்டும் 3600-இலிருந்து 2000-க்கு இறங்க வேண்டும்.

சிங்க்ரோ இல்லாத காலத்தில் இந்த வேலையை ஓட்டுநரே செய்தார். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவார். கிளட்சை விடுவார். இன்ஜின் சுழற்சி இறங்குவதைக் காதால் கேட்டுக் காத்திருப்பார். மறுபடி கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போடுவார். கீழ்க் கியருக்கு இறங்கும்போது நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்துச் சுழற்சியை ஏற்றவும் வேண்டும். பழைய லாரி ஓட்டுநர்களுக்கு இந்த இரட்டைக் கிளட்ச் கைவந்த கலை. அமெரிக்காவில் எர்ல் தாம்ப்சன் என்ற பொறியாளர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் 1928-இல் காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் சாதாரண ஓட்டுநர்களுக்கு இந்தப் பாடு குறையத் தொடங்கியது. நம் ஊர்ப் பழைய அம்பாசடரிலும் பியட்டிலும்கூட மேலே உள்ள மூன்று கியர்களுக்குத்தான் சிங்க்ரோ இருந்தது. முதல் கியருக்கு இல்லை. வண்டி முழுசாக நின்ற பிறகே அந்தக் கால ஓட்டுநர்கள் முதல் கியர் போட்டதற்குக் காரணம் இதுதான்.

வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால்

பிரித்துப் போட்ட கியர் பாக்ஸிலிருந்து ஒரு சிங்க்ரோ ரிங்கை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். மஞ்சள் மின்னும் பித்தளை. வெளி விளிம்பில் நுனி கூரான சிறு பற்கள். மூன்று இடங்களில் மட்டும் சதுரமாக வெட்டிய பள்ளங்கள். உள்பக்கம் நேராக இல்லாமல் கூம்பு வடிவில் லேசாகச் சரிந்திருக்கும். விரலால் தடவினால் உள்ளே ஸ்குரூ மரை போல மெல்லிய கோடுகள் தட்டுப்படும்.

இந்தக் கூம்புக்குச் சரியாகப் பொருந்துகிற இன்னொரு கூம்பு கியர்ச் சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. வளையம் தண்டின் வேகத்தில் சுற்றும், சக்கரம் தன் வேகத்தில் சுற்றும். வளையத்தைக் கூம்பின் மேல் அழுத்தினால் இரண்டும் உரசி, சக்கரம் தண்டின் வேகத்துக்கு வரத் தொடங்கும்.

ஏன் கூம்பு? தட்டையான இரண்டு தகடுகளை உரசவிட்டால் போதாதா? ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய எவர்சில்வர் டம்ளர்கள் சிக்கிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். மெல்லத் தள்ளினாலே சரிந்த சுவர்கள் பலமாகப் பற்றிக்கொள்கின்றன. சிங்க்ரோ கூம்பின் சரிவு வழக்கமாக 6 முதல் 7 டிகிரி. அந்தச் சரிவில், தள்ளும் விசையைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு விசையோடு சுவரும் சுவரும் அழுந்துகின்றன. சரிவை இன்னும் குறைத்தால் பிடி இன்னும் கூடும். ஆனால் டம்ளர்களைப் போலவே வேலை முடிந்த பிறகும் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்த 6, 7 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மரை போன்ற கோடுகளுக்கும் காரணம் உண்டு. கியர் பாக்ஸ் முழுக்க ஆயில். உரசலால் நிற்க வேண்டிய இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஆயில் படலம் இருந்தால் வழுக்கும். அந்தக் கூரான கோடுகள் ஆயிலை வழித்தெடுத்து விலக்கி, உலோகத்தோடு உலோகம் பிடிக்க வழி செய்கின்றன.

வழி மறிக்கும் பற்கள்

வேகத்தைச் சமப்படுத்துவதோடு வளையத்தின் வேலை முடிந்துவிட்டால் போதாது. ஓட்டுநர் அவசரப்பட்டு வேகம் சமமாவதற்கு முன்பே ராடைத் தள்ளிவிட்டால்? ஸ்லீவ் நேராக நாய்ப் பற்களில் போய் மோதுமே? அதைத் தடுக்கும் ஏற்பாடுதான் இந்தச் சாதனத்தின் உண்மையான சூட்சுமம்.

வளையத்தில் பார்த்த மூன்று பள்ளங்களில் மூன்று சிறு கட்டைகள் உட்கார்ந்திருக்கும். அவற்றை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். பள்ளம் கட்டையைவிடக் கொஞ்சம் அகலம். எனவே வளையம் இடமும் வலமும் அரைப் பல் அளவுக்கு மட்டும் திரும்ப முடியும்.

ராடைத் தள்ளியதும் ஸ்லீவோடு அந்தக் கட்டைகளும் நகர்ந்து வளையத்தைக் கூம்பின் மேல் மெல்லத் தள்ளும். வேக வித்தியாசம் இருப்பதால் சுற்றுகிற சக்கரம் வளையத்தைத் தன்னோடு இழுக்கும். வளையம் அரைப் பல் திரும்பி நின்றுவிடும். இப்போது ஸ்லீவின் பற்களுக்கு நேரே இடைவெளி இல்லை, வளையத்தின் கூரான பற்கள்தான் இருக்கின்றன. ஸ்லீவ் மேலே போக வழியில்லை. ஓட்டுநர் எவ்வளவு அழுத்துகிறாரோ அந்த அழுத்தம் முழுவதும் கூம்பை இறுக்கவே போகும். இறுக இறுக உரசல் கூடி, வேகம் சீக்கிரமாகச் சமமாகும்.

இரண்டு வேகமும் ஒன்றானதும் வளையத்தை இழுத்துப் பிடித்திருந்த உரசல் இழுப்பு மறைந்துவிடும். அதுவரை மறித்து நின்ற கூரான பற்களை ஸ்லீவின் கூரான நுனிகள் இப்போது எளிதாகப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடும். ஸ்லீவ் வளையத்தைத் தாண்டி நாய்ப் பற்களின் மேல் ஏறும். 'க்ளக்'கென்று கியர் விழும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இத்தனையும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும்.

கியர் ராடைத் தள்ளும்போது நடுவில் ஓரிடத்தில் லேசாகத் தடுத்து, பிறகு தானாக உள்ளே இழுத்துக்கொள்வது போலக் கைக்குத் தெரியுமே, அந்தத் தடைதான் இது. வேகம் சமமாகும்வரை வளையம் வழிவிடாமல் நிற்கும் நேரம் அது.

அப்படியானால் கிளட்ச் எதற்கு?

இந்தச் சின்ன வளையத்தால் எதையெல்லாம் நிறுத்த முடியும்? இன்ஜினை முடியாது. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட், அதன் முனையில் கனமான ஃப்ளைவீல், போதாததற்கு எரியும் பெட்ரோலின் தள்ளுவிசை. இவை அனைத்தும் இன்புட் ஷாஃப்டோடு சேர்ந்திருந்தால் பித்தளை வளையம் தேய்ந்து சாவதைத் தவிர வேறு வழியில்லை.

ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி இன்புட் ஷாஃப்டின் மேல் செருகியிருக்கும். நெருக்கிப் பிடிப்பது, விரிந்த விரல்கள் போன்ற மடல்களுள்ள வட்ட ஸ்பிரிங். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த மடல்களைத் தள்ளும். பிரஷர் பிளேட் மில்லிமீட்டர் கணக்கில் பின்வாங்கும். பிடி விட்டதும் கிளட்ச் பிளேட் இன்ஜினிலிருந்து விடுபட்டு, இன்புட் ஷாஃப்டோடு மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றும்.

கியர் மாற்றும்போது இதனால் மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, பழைய கியரிலிருந்து ஸ்லீவை எடுக்க முடிகிறது. இன்ஜின் தள்ளிக்கொண்டிருக்கும்போது பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த இறுக்கம் தளர்ந்தால்தான் ஸ்லீவ் நழுவும். இரண்டாவது, சிங்க்ரோ வளையம் மாற்ற வேண்டிய சுமை குறைந்துவிடுகிறது. நம் கணக்கில் 3600-இலிருந்து 2000-க்கு இறங்க வேண்டியவை கிளட்ச் பிளேட்டும் இன்புட் ஷாஃப்டும் அவற்றோடு கோத்த சக்கரங்களும் மட்டுமே. அந்த அளவு சுமையை வளையத்தால் தாங்க முடியும். மூன்றாவது, கியர் விழுந்த பிறகு நடப்பது. இன்புட் ஷாஃப்ட் 2000-இல் சுற்றுகிறது, இன்ஜின் வேறொரு சுழற்சியில் இருக்கிறது. பெடலை மெல்ல விடும்போது கிளட்ச் பிளேட் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே இரண்டையும் சேர்த்துவைக்கிறது. வண்டி குலுங்காமல் போவதற்குக் காரணம் இந்த வழுக்கல். சுருக்கமாகச் சொன்னால் கியர் பாக்ஸுக்குள் உள்ள வேக வித்தியாசத்தை வளையம் பார்த்துக்கொள்கிறது, இன்ஜினோடு உள்ள வித்தியாசத்தைக் கிளட்ச் பார்த்துக்கொள்கிறது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தவறிப்போய் முதல் கியருக்குத் தள்ளினால் என்ன ஆகும்? நம் உதாரணக் காரில் இன்புட் ஷாஃப்டும் கிளட்ச் பிளேட்டும் சுமார் 8000 சுற்றுக்கு ஏற்றப்பட வேண்டும். கிளட்சை மிதித்திருப்பதால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றலாம். ஆனால் வளையம் தாங்க முடியாத சூட்டில் உரசும். பிளேட் அவ்வளவு வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. பெடலையும் விட்டுவிட்டால் அந்த 8000 சுற்று இன்ஜினின் தலையில் வந்து இறங்கும். ராட் மறுக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

"அண்ணே, கியர் போட்டா கரகரங்குது, கிளட்ச் மாத்தணுமா?" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் ஒருவர். அனுபவமுள்ள மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கியர்ல தம்பி? எல்லாத்துலயுமா, ஒண்ணுல மட்டுமா?" என்பதுதான்.

பாதி நோய் அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். கிளட்ச் எல்லாக் கியருக்கும் பொது. அது முழுதாக விடுபடவில்லை என்றால் எல்லாக் கியரும் முரண்டு பிடிக்கும், ரிவர்ஸ் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கத்தும். சிங்க்ரோ வளையம் ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி. ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் சந்தேகம் அந்தக் கியரின் வளையத்தின் மேல் போகும். பெரும்பாலும் அது இரண்டாவது கியராகத்தான் இருக்கும். ஊருக்குள் ஓட்டும்போது நாள் முழுக்க ஏறி இறங்குவது அதில்தான். நாம் கணக்கிட்ட வேக இடைவெளியும் அங்கே அதிகம்.

கிளட்சைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதியுங்கள். மூன்று, நான்கு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் நன்றாக விட்டிருந்தால் அந்த நேரத்துக்குள் இன்புட் ஷாஃப்ட் ஓய்ந்து நின்றிருக்கும், கியர் சத்தமில்லாமல் விழும். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் இன்னும் பிளேட்டை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேபிள் சரிசெய்ய வேண்டியிருக்கலாம், ஹைட்ராலிக் கிளட்சாக இருந்தால் ஆயில் கசிவோ காற்றோ இருக்கலாம். கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

ரிவர்ஸுக்கு இன்னொரு உபாயமும் உண்டு. காத்திருக்க நேரமில்லை என்றால், நின்ற வண்டியில் கிளட்சை மிதித்தபடியே முதலில் ஏதாவது ஒரு முன் கியரைப் போட்டுவிட்டு, பிறகு ரிவர்ஸுக்கு மாற்றுங்கள். முன் கியரின் வளையம் இன்புட் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்திவிடும். நின்றுபோன சக்கரங்களோடு ரிவர்ஸ் சுலபமாகக் கோக்கும்.

இன்ஜின் இரைச்சல் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குவது. போட்ட கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் ஸ்லீவையும் நாய்ப் பற்களையும்தான். வளையத்தை மட்டும் மாற்றினால் அது சரியாகாது.

வளையம் தேய்ந்ததைக் கண்டுபிடிக்க, பிரித்த பிறகு ஒரு சோதனை செய்வார்கள். வளையத்தைச் சக்கரத்தின் கூம்பின் மேல் வைத்துக் கையால் அழுத்தித் திருகிப் பார்ப்பார்கள். நல்ல வளையம் கவ்விப் பிடிக்கும், தேய்ந்தது வழுக்கும். அடுத்து, வளையத்துக்கும் நாய்ப் பற்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பார்கள். பல கார்களில் புதிய வளையத்துக்கு அது 1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உள்பக்கம் தேயத் தேய வளையம் கூம்பில் இன்னும் உள்ளே இறங்கி, இடைவெளி குறையும். பாதியளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய காலம். சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இடைவெளியே இல்லாமல் போனால் வளையம் பற்களில் முட்டிக்கொண்டு, கூம்பைப் பிடிக்கவே பிடிக்காது.

ஆயிலும் இதில் பெரிய பங்குதாரர். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் கியர் கடினமாக இருந்தால், கெட்டியான ஆயில் கோடுகளிலிருந்து விலக நேரம் எடுக்கிறது என்று பொருள். ஓடிச் சூடானால் சரியாகிவிடும். 'ஜிஎல்-4' ஆயில் கேட்கும் கியர் பாக்ஸில் 'ஜிஎல்-5' ஊற்றுவது வேறு விஷயம். கடுமையான அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதில் கூடுதலாகச் சேர்க்கப்படும் ரசாயனங்கள் வளையத்தின் பிடியைக் குறைக்கலாம், சிலவகை ஆயில் பித்தளையையே அரிக்கவும் செய்யும். எண் பெரியது, ஆகவே தரம் உயர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

பைக்கில் இந்த வளையம் இல்லை. அங்கே சுழலும் பாகங்கள் சிறியவை. பெரிய, இடைவெளி அகலமான நாய்ப் பற்கள் நேரடியாகவே கோத்துக்கொள்ளும். நின்றபடி முதல் கியர் போடும்போது வரும் 'டக்' சத்தம் அதுதான். அது கோளாறல்ல. ஏஎம்டி கார்களில் கிளட்ச் பெடல் இல்லையே தவிர, உள்ளே இருப்பது இதே சிங்க்ரோ கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் ஸ்லீவைத் தள்ளுவதும் ஒரு இயந்திரக் கை. மாற்றும்போது அந்தக் கார்கள் ஒரு கணம் தயங்குவது கிளட்சை விடுவித்து, வளையம் வேலையை முடித்து, மறுபடி கிளட்ச் சேரும்வரை ஆகும் நேரம்.

மேனுவல் கார் ஓட்டுகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கிளட்சை அடிவரை மிதியுங்கள். தடை தெரியும் இடத்தில் ராடை உதைத்துத் தள்ளாமல், ஒரே சீரான அழுத்தத்தில் அரைக் கணம் பிடித்திருங்கள். ஓட்டம் முழுக்க ராடின் மேல் கையை வைத்துக்கொண்டே போகாதீர்கள், ஷிஃப்ட் ஃபோர்க் ஸ்லீவில் உரசித் தேயும். பெடலின் மேல் காலை ஓய்வெடுக்க விடாதீர்கள், ரிலீஸ் பேரிங்கும் பிளேட்டும் வீணாகத் தேயும். வண்டி முழுசாக நின்ற பிறகே ரிவர்ஸ் போடுங்கள். ஒரு வளையத்தின் விலை பெரிதில்லை. அதை மாற்றக் கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்கும் கூலிதான் பெரிது.